மார்ச் ஸ்டேட்மென்ட்ல 86 லட்சம், டேலில 71 லட்சம்

பனியன்கணக்கு:
திருப்பூர்ல பனியன் யூனிட்ங்க, பிரைவேட் லிமிடெட், பேங்க்ல சரக்க காட்டி வாங்குன சிசி லோன் இருக்கு. மாசாமாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் குடுக்கணும், குடோன் சூப்பர்வைசர் எண்ணி எழுதுற நோட்ட பாத்து எக்செல்ல அடிச்சு அனுப்பிருவேன், டேலிய திறந்து பாத்ததே இல்ல. மார்ச்சுக்கு குடுத்தது 86 லட்சம், ஆடிட்டுக்கு டேலில எடுத்தா 71. ஓனர் மூஞ்சிய பாக்கணுமே. ரெண்டு நாள் பில் பில்லா பிரிச்சேன். நூல் ரேட்ட ஜிஎஸ்டியோட போட்டிருக்கேன், அதுல 2 லட்சம். சூப்பர்வைசர் 29ம் தேதியே எண்ணி முடிச்சிட்டாரு, 30, 31ல பில் போட்டு போன சரக்கு 8 லட்சம் ஸ்டாக்லயே நின்னுருச்சு. மிச்சம் 5 லட்சம் 28ம் தேதி எறங்குன நூல் லோடு, பில் டேலில ஏறுனது ஏப்ரல்ல.

ஷேர்பிரியன்:
டீமேட் ஸ்டேட்மென்ட்டா? எனக்கும் ஒருதடவ ஹோல்டிங் டேலி ஆகல.

பனியன்கணக்கு:
அண்ணே இது சரக்கு ஸ்டாக்கு 😀

கடைவீதி:
நூல் லோடு தப்பே இல்லயே, சரக்கு உண்மையா குடோன்ல இருக்குல்ல. டேலி தான் தப்பு. அப்புறம் லிமிட் 5 கோடிக்கு கீழன்னா ஆடிட்டர் இதெல்லாம் கேக்கவே மாட்டாரு.

பழைய ஆடிட்காரன்:
சரக்கு இருக்கு தம்பி, காசு குடுத்தாச்சா? பில் ஏறலன்னா கிரெடிட்டார்ஸ்லயும் அந்த 5 வராது. பேங்க் ஸ்டாக்ல கிரெடிட்டார்ஸ கழிச்சிட்டு 25% மார்ஜின் போக தான் எவ்ளோ எடுக்கலாம்ங்குற டிராயிங் பவர், அதான் டிபி, போடுது, அதனால டேலில ரெண்டு பக்கமும் ஏத்துனாலும் டிபிக்கு சைபர் தான். ஆக மொத்த 15ம் தப்பு, 11.25 லட்சம் டிபி கூட வாங்கியிருக்கீங்க. அதுலயும் அந்த 8 லட்சம் சரக்கு தான் மோசம், பில் போட்டதால டெப்டார்ஸ்லயும் ஏறியிருக்கும், ஒரே சரக்குக்கு ரெண்டு எடத்துல டிபி. 5 கோடி கணக்கு ஆடிட்டர் ரிப்போர்ட்டுக்கான காரோ 2020 ஆர்டர்ல வர்றது. 2021ல மாத்துன கம்பெனி சட்ட ஷெட்யூல் 3ல அந்த வரம்பு கிடையாது, கம்பெனின்னா குவார்ட்டர் ஸ்டேட்மென்ட்டுக்கும் புக்ஸுக்கும் வித்தியாசம் எவ்ளோ, ஏன்னு நோட்ஸ்ல எழுதியாகணும். புரோப்ரைட்டர், பார்ட்னர்ஷிப்புக்கு அது இல்ல.

ஈரோட்டுக்காரி:
எங்களுக்கு தலகீழ், ஸ்டேட்மென்ட்ல கம்மி, டேலில ஜாஸ்தி. தேடித்தேடி பாத்தா டையிங்குக்கு போன துணிய சூப்பர்வைசர் எண்ணவே இல்ல, குடோன்ல இல்லாதத எப்டி எண்றதுன்னு நம்மளயே கேக்குறாரு. இப்ப டெலிவரி சலான பாத்து தனி லைன்ல காட்றோம், ஆனா எங்க பேங்க் அதுக்கு டிபி தரல.

பனியன்கணக்கு:
இப்பல்லாம் 31 சாயங்காலம் தான் எண்றோம், கடைசி சேல்ஸ் பில் நம்பரையும் கடைசியா வந்த லோடு பில்லையும் நோட்டுலயே குறிச்சுக்குறோம். சரி, பழைய மார்ச் ஸ்டேட்மென்ட்ட திருத்தி குடுக்கலாமா?

கடைவீதி:
தேதிய மாத்தாம புதுசு குடுத்துருங்க, அவ்ளோதான்.

பழைய ஆடிட்காரன்:
அய்யோ வேணாம். ரிவைஸ்டுன்னு எழுதி, 15 லட்சம் எப்டி வந்துச்சுன்னு ஒரு பேப்பர் சேத்து குடுங்க.

ஈரோட்டுக்காரி:
எங்க மேனேஜர் திருத்துனத வாங்கவே மாட்டேன்னுட்டாரு, அடுத்த மாசத்துல சரி பண்ணிக்கோங்கன்னாரு. வேற யாராச்சும் குடுத்திருக்கீங்களா?