நம்பர் கேட்கும் பெற்றோருக்கு என்ன பதில்? வரிகளைத் திருத்தித் தாருங்கள்

வணக்கம். எங்கள் டியூஷன் சென்டர் ஆசிரியர்கள் சொல்வதற்கான பதில்களை எழுதி வைக்கிறோம். சொந்த நம்பர் கேட்டால் இப்போது வழக்கமாக வரும் பதில்: “ஐயோ சார், குடுத்தா மேடம் திட்டுவாங்க.” மறுப்பை மேடம் தலையில் கட்டியதால், பெற்றோர் மேடத்திடமே அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். வேறு எங்கே கேட்பது என்பதும் அதில் இல்லை.

மாற்றி எழுதியது: “சொந்த நம்பர் நான் யாருக்கும் தர்றதில்லைங்க சார். பையன் படிப்பு பத்தி எதுன்னாலும் சென்டர் வாட்ஸ்அப்ல போடுங்க, சாயங்காலம் 4 முதல் 8 மணிக்குள்ள பதில் சொல்லிடறேன்.” காரணம் வேண்டுமென்றே சொல்லவில்லை; சொன்னால் அதற்கு ஒரு தீர்வோடு வருவார்கள்.

இரவு 10 மணிச் செய்திக்கு “நாளைக்குப் பார்க்கலாம் சார்” என்று கையால் தட்டினாலே ஆள் விழித்திருப்பது தெரிந்து அடுத்த கேள்வி வந்துவிடும். அதனால் வாட்ஸ்அப் பிசினஸில், வேலை நேரத்துக்கு வெளியே மட்டும் போகும் தானியங்கிப் பதில் வைக்கிறோம்: “செய்தி கிடைத்தது. நாளை மாலை 4 மணிக்கு மேல் பதில் வரும்.”

சனி இரவு வரும் செய்திக்கு இந்த ‘நாளை’ பொய்யாகிவிடும், ஞாயிறு விடுமுறை. கிழமை சொல்லாமல் இதை எப்படி எழுதலாம்? பேரனுக்காகக் கேட்கும் தாத்தா பாட்டிக்கு முதல் வரி வெட்டென்று படுமா?