அனுபவப் பகிர்வு: பக்கத்து வீட்டு உருது அழைப்பும் நான் எழுதிய பதிலும்

மெஹதிப்பட்டணத்துக்காரன்:
ஹைதராபாத்தில் குடியேறிய மூன்றாம் நாள், கதவிடுக்கில் மடித்து வைத்த சீட்டு ஒன்று கிடந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் உருதுவில் எழுதியிருந்தார். எனக்கு உருது பேசினால் புரியும், எழுத்துத் தெரியாது. காவலாளி படித்துக் காட்டினார். நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.

"மொஹ்தரம் ஹம்சாயே, ஆதாப். நயே கர் மேன் ஆமத் முபாரக் ஹோ. இத்வார் கோ அஸர் கே பாத் அஹ்ல்-ஓ-அயால் கே சாத் கரீப் கானே பர் சாய் கே லியே தஷ்ரீஃப் லாயேன் தோ நவாஸிஷ் ஹோகி. ஹம் முன்தஸிர் ரஹேங்கே."

அதாவது: மதிப்பிற்குரிய அண்டை வீட்டாரே, வணக்கம். புதுவீட்டு வருகைக்கு வாழ்த்து. ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் குடும்பத்தோடு எங்கள் ஏழை வீட்டுக்குத் தேநீருக்கு எழுந்தருளினால் பேருதவி. காத்திருப்போம்.

மரியாதையாகப் பதில் எழுத ஆசைப்பட்டு, அவருடைய சொற்களையே எடுத்துக் கையாண்டேன்: "ஹம் ஆப் கே கரீப் கானே பர் ஸரூர் தஷ்ரீஃப் லாயேங்கே." காவலாளியே அதை உருதுவில் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவர் கை ஒரு கணம் நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறன்று பெரியவர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். பேச்சினிடையே, "இனி உங்கள் தௌலத் கானா எதிரில்தானே, அடிக்கடி பார்க்கலாம்" என்றார். என் வீட்டை 'செல்வ மாளிகை' என்கிறார்! நான் அவர் வீட்டை ஏழைக்குடில் என்று எழுதியிருந்தேன். சரியான சொல்லைக் காதில் போட்டுவிட்டார். என் பிழையைச் சொல்லவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆம்பூர் ஆசிரியை:
உருது எங்கள் வீட்டு மொழி, பள்ளியிலும் அதைத்தான் கற்பிக்கிறேன். உங்கள் வாக்கியத்தில் பிழை இரண்டு. கரீப் கானா தன் வீட்டுக்கு மட்டும்; பிறர் வீடு தௌலத் கானா. 'தஷ்ரீஃப்' அதற்கு நேர்மாறு, பிறருக்கு மட்டும். நீங்களே தமிழில் 'எழுந்தருளினால்' என்று எழுதியிருக்கிறீர்களே, 'நான் எழுந்தருளுகிறேன்' என்று எவரேனும் சொல்வோமா? தன் வருகைக்கு 'ஹாஸிர் ஹோனா'. பதில் இப்படி இருந்தால் போதும்: "ஆதாப். யாத்-ஆவரி கா ஷுக்ரியா. ஹம் இத்வார் கோ ஸரூர் ஹாஸிர் ஹோங்கே." நினைவில் வைத்ததற்கு நன்றி, ஞாயிறன்று அவசியம் வந்து நிற்போம் என்று பொருள்.

இன்னொன்று. 'கல்' என்று எழுதாமல் அவர் கிழமையைக் குறித்தது நல்ல பழக்கம். 'கல்' நேற்றுக்கும் நாளைக்கும் பொது. வினையை வைத்து நாளை என்று புரிந்தாலும், சீட்டை மறுநாள் பார்ப்பவர் நாளைத் தவறவிடுவார்.

பழைய டெல்லி நண்பர்:
தஷ்ரீஃப் என்றால் வருகை, அவ்வளவுதான். 'தஷ்ரீஃப் ரக்கியே' என்றாலும் வாருங்கள் என்றே பொருள்.

ஆம்பூர் ஆசிரியை:
பாதி சரி, ஐயா. 'லானா' சேர்ந்தால் வருதல், 'ரக்னா' சேர்ந்தால் அமர்தல், 'லே ஜானா' சேர்ந்தால் போதல். சொல்லின் வேர் மேன்மைப்படுத்துவது. எந்தச் செயல் என்பதைப் பின்வரும் வினைதான் சொல்கிறது. வீட்டுக்காரர் விருந்தாளியிடம் "ஆப் தஷ்ரீஃப் லே ஜா சக்தே ஹைன்" என்றால், எவ்வளவு மரியாதையாக ஒலித்தாலும், எழுந்து போகச் சொல்கிறார்.

கோவை இல்லத்தரசி:
ஈரானி சாய்க்குப் பாலைத் தனியாகக் காய்ச்சிச் சுண்டவைத்து, டிகாக்‌ஷனோடு கலப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். சீட்டோடு ஏதாவது இனிப்பும் வைத்தாரா?

மெஹதிப்பட்டணத்துக்காரன்:
சீட்டு மட்டும்தான், அம்மா. வீட்டில் உஸ்மானியா பிஸ்கட் வைத்து, "நோஷ் ஃபர்மாயியே" என்றார்கள். 'சாப்பிடுங்கள்' என்பதற்கு அது. ஒரு சந்தேகம்: மணி குறிப்பிடாமல் 'அஸர் கே பாத்' என்றது ஏன்?

ஆம்பூர் ஆசிரியை:
பிற்பகல் தொழுகையான அஸருக்கும் சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் தொழுகைக்கும் இடைப்பட்ட பொழுதுதான் தேநீர் வேளை. டிசம்பரில் ஹைதராபாத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மக்ரிப் பாங்கு வந்ததும் வீட்டார் தொழ எழுவார்கள். அதற்குள் விடைபெறுவது நல்லது.

பெங்களூர் தக்னிக்காரன்:
எங்கள் வீட்டில் "சாய் பீனே கு ஆவ்" என்று பால்கனியிலிருந்து கூப்பிடுவோம், யாரும் குறைவாக நினைத்ததில்லை. கரீப் கானா என்று இன்றைய பிள்ளைகளுக்கு எழுதினால் கல்யாணப் பத்திரிகை போல இருக்கும்.

ஆம்பூர் ஆசிரியை:
பேச்சுக்கு அது சரி. முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது நான் கரீப் கானாவை விடமாட்டேன்.

பழைய டெல்லி நண்பர்:
என் மகள் 'ஹமாரே ஹான்' என்றே எழுதுகிறாள், 'எங்கள் வீட்டில்' என்று. அதிலும் மரியாதை குறைவில்லை.

மெஹதிப்பட்டணத்துக்காரன்:
வரும் வெள்ளிக்கு நான் அவர்களை அழைக்கிறேன். "ஜும்மே கோ அஸர் கே பாத் கரீப் கானே பர் தஷ்ரீஃப் லாயேன்" என்று எழுதிவிட்டேன். இம்முறை காவலாளியின் கை நிற்கவில்லை.