கலைச்சொல் வேண்டும்: செவிக்கல்லில் எண்ணுவது ஆண்டு வளையமா, வேறு பெயரா?

கவிதா:

அனைவருக்கும் வணக்கம். பாக் நீரிணை விளமீன் பற்றிய அறிக்கையைத் தமிழில் எழுதுகிறோம். மீனவர் சங்கங்களுக்கும் போகப்போகிறது. மீனின் காதுக்குள் இருக்கும் கல்லுக்குச் செவிக்கல் என்ற சொல்லை முன்பே இங்கே பேசி ஏற்றுக்கொண்டோம். இன்னும் மூன்று சொற்கள் முடிவாகவில்லை. வயதை அறியச் செவிக்கல்லில் எண்ணும் கோட்டுக்கு "ஆண்டு வளையம்", வளர்ச்சி வளைகோட்டின் L∞-க்கு "அதிகபட்ச நீளம்", K-க்கு "வளர்ச்சி வேகம்" என்று வைத்திருக்கிறேன். சமன்பாடு வழக்கமான பெர்ட்டலன்ஃபி:

```
L(t) = Linf * (1 - exp(-K * (t - t0)))
```

சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

செல்வராசு:

"ஆண்டு வளையம்" மரத்துக்குப் போய்விட்ட சொல். நுண்ணோக்கியில் கருப்பாகத் தெரிவதைத்தானே எண்ணுகிறோம்? "கருவளையம்" போதும், படிப்பவருக்கு எதைத் தேட வேண்டும் என்பதும் உடனே விளங்கிவிடும். மற்ற இரண்டும் எனக்குச் சரியாகவே படுகின்றன.

முத்துக்குமார்:

எங்கள் மத்தி வேலையில் ஆண்டு என்ற பேச்சே இல்லை. மத்தி இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் அரிது. கல்லைத் தேய்த்து, அதிக உருப்பெருக்கத்தில் நாள் வளையங்களைத்தான் எண்ணுகிறோம். ஆகவே "நாள் வளையம்" என்ற சொல்லும் பட்டியலில் இருக்கட்டும். விளமீனுக்கும் அதையே எண்ணினால் இந்தக் குழப்பம் வராதே?

தமயந்தி:

செல்வராசு சொல்வதில் பாதி சரி. கீழிருந்து ஒளி ஊடுருவி வரும்படி வைத்தால் ஒளிபுகாப் பட்டை கருப்பாகத் தெரியும். அதே சீவலைக் கருப்புத் தட்டில் வைத்து மேலிருந்து ஒளி காட்டினால் அதே பட்டை வெள்ளையாகத் தெரியும், இடையில் இருப்பது கருக்கும். சொல்லிலேயே நிறத்தை வைத்துவிட்டால், மேல் ஒளியில் பார்ப்பவர் அடுத்த பட்டையை எண்ணுவார். நடு ஆண்டுகளில் எண்ணிக்கை ஒத்துப்போகலாம். ஓரத்தில் பட்டை முடிந்ததா, தொடங்கியதா என்பதில் தவறு வரும். "ஒளிபுகாப் பட்டை", "ஒளிகசிப் பட்டை" என்றால் விளக்கு எங்கிருந்தாலும் பெயர் மாறாது.

எனக்குப் பெரிய தடை "ஆண்டு" என்ற முன்னொட்டில்தான். நாம் கண்ணால் பார்ப்பது பட்டை. அது ஆண்டுக்கு ஒன்று என்பது நிறுவ வேண்டிய கூற்று. வட கடலில் கடுங்குளிரும் கோடையும் மாறிமாறி வருவதால் பட்டை எடுப்பாக விழுகிறது. நம் கடலில் வெப்பநிலை அவ்வளவு மாறுவதில்லை. முட்டையிடும் பருவம், மழைக்காலம், இரை குறைவு என்று எது வேண்டுமானாலும் பட்டை போடலாம். ஆண்டுக்கு இரண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உண்மையில் L∞ 60 செ.மீ., K 0.2, t0 −0.5 என்று வையுங்கள். எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்த எண்கள், விளமீனின் முடிவுகள் அல்ல. 5 வயது மீன் 40 செ.மீ. இருக்கும். ஆண்டுக்கு இரண்டு பட்டை என்றால் அதன் கல்லில் 10 பட்டை. "ஆண்டு வளையம்" என்று பெயர் வைத்தவர் 10 வயது என்று எழுதுவார். எல்லா மீனுக்கும் இப்படி வயது இரட்டித்தால் L∞ அப்படியே 60. K சரியாகப் பாதி, 0.1. t0 −1. புள்ளிகள் வளைகோட்டில் முன்பு போலவே அழகாக உட்காரும், எச்சங்களில் துளி மாற்றம் இருக்காது. வளைகோடு எவ்வளவு நன்றாகப் பொருந்தினாலும் இந்தப் பிழையை அது காட்டிக்கொடுக்காது. ஆனால் இயற்கை இறப்பு வீதத்தைக் கணிக்கும் பல சூத்திரங்கள், 1980-இல் பௌலி தந்தது உட்பட, K-ஐ எடுத்துக்கொள்கின்றன. K பாதியானால் அதுவும் இறங்கும். மெதுவாக வளர்ந்து நெடுநாள் வாழும் மீன் என்று அறிக்கை சொல்லிவிடும்.

அதனால் என் முன்மொழிவு: சோதிக்கும் வரை "வளர்பட்டை". சோதித்த பிறகு மட்டும் "ஆண்டுப்பட்டை". அட்டவணையிலும் "பட்டை எண்ணிக்கை" ஒரு நிரல், "வயது" தனி நிரல்.

கவிதா:

நன்றி அம்மா. நாங்கள் மாதாமாதம் மாதிரி எடுத்திருக்கிறோம். கல்லை முழுசாகத் தண்ணீரில் வைத்துப் படித்தோம். ஆண்டுக்கு ஒன்றா என்பதை இதை வைத்தே சொல்ல முடியுமா?

தமயந்தி:

மாத மாதிரி இருப்பது பெரிய வசதி. ஒவ்வொரு மாதமும் எத்தனை விழுக்காடு கல்லின் ஓரத்தில் ஒளிபுகாப் பட்டை இருக்கிறது என்று வரையுங்கள். பன்னிரண்டு மாதத்தில் ஒரே மேடு வந்தால் ஆண்டுக்கு ஒன்று, இரண்டு மேடு வந்தால் இரண்டு. இளம் மீன், முதிய மீன் இரண்டையும் கலக்காமல் தனித்தனியாக வரையுங்கள். பட்டை விழும் மாதம் வயதோடு நகரக்கூடும், கலந்தால் இரண்டு மேடும் கரைந்து ஒன்றுமில்லாதது போல் தெரியும். படிப்பவருக்கு மாதமும் மீனின் நீளமும் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தானாகவே எதிர்பார்த்ததைப் பார்க்கும்.

முழுக்கல்லைப் படித்தது கவலைதான். இளம் மீனுக்குச் சரி. வயதாக ஆகக் கல் அகலத்தில் வளர்வது குறைந்து, உட்பக்கத்தில் தடிக்கிறது. வெளிப்பட்டைகள் அங்கே நெருக்கமாக அடுக்கிக் கிடக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. முதிய மீனுக்கெல்லாம் வயது குறைந்துவிடும். பிசினில் பதித்து, கருவின் ஊடாகக் குறுக்கே 0.3 முதல் 0.5 மி.மீ. தடிப்பில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மென்தாளில் தேய்த்துப் பாருங்கள். சீவல் கருவைவிட்டு விலகினால் முதல் பட்டை விடுபடும். விலகியதை அறிவது எப்போதும் எளிதல்ல; நடுப்பகுதி வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் ஐயப்படுங்கள். அத்தகைய சீவலை ஒதுக்கிவிட்டு அதே மீனின் இன்னொரு கல்லைச் சீவுங்கள். மீனை ஃபார்மலினில் வைத்திருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள். அமிலமேறிய ஃபார்மலின் கல்லின் ஓரத்தைக் கரைத்துவிடும், ஓரச் சோதனைக்கு அது உதவாது.

இன்னொன்று. மூன்று பட்டை என்றால் மூன்று வயது அல்ல. பிப்ரவரியில் பொரித்த மீன், முதல் பட்டை மறு ஆண்டு அக்டோபரில் முடிகிறது என்று வையுங்கள். மூன்றாம் பட்டை முடிந்து நவம்பரில் பிடிபட்டால் வயது 3 ஆண்டு 9 மாதம். அதே பட்டை எண்ணிக்கையோடு அடுத்த ஜூலையில் பிடிபட்டால் 4 ஆண்டு 5 மாதம். மேலே சொன்ன வளைகோட்டில் இரண்டுக்கும் 3 செ.மீ. வித்தியாசம். இரண்டையும் 3 என்று போட்டால் அந்த 3 செ.மீ. தேவையில்லாத சிதறலாகிவிடும்.

முத்துக்குமார்:

அந்த "முதல் பட்டை மறு ஆண்டு" என்பதை எப்படி உறுதி செய்வது?

தமயந்தி:

அங்கேதான் உங்கள் நாள் வளையம் வேண்டும், தம்பி. கடற்புல் படுகையில் கிடைக்கும் விளமீன் குஞ்சுகளில் கருவிலிருந்து நாள் வளையங்களை எண்ணி, கல்லின் அளவோடு ஒப்பிட்டால் முதல் பட்டை எந்த வயதில் விழுகிறது என்று தெரியும். முழு ஆயுளுக்கும் அதையே எண்ண முடியாது. சில மாதம் கடந்ததும் வளையங்கள் பிரித்தறிய முடியாதபடி நெருங்கிவிடும். ஆகவே இரண்டு சொல்லும் வேண்டும். நாளுக்கு "வளையம்", பருவத்துக்கு "பட்டை" என்று வேறுபடுத்திவிட்டால் நல்லது.

யோகநாதன், யாழ்ப்பாணம்:

மற்ற இரண்டு சொற்களை ஒருவரும் தொடவில்லை. K-ஐ "வளர்ச்சி வேகம்" என்று எழுதினால் வாசிப்பவர் ஆண்டுக்கு இத்தனை செ.மீ. என்றே விளங்கிக்கொள்வார். தமயந்தி அம்மாவின் எண்களிலேயே பாருங்கள்: 1 வயதிலிருந்து 2 வயதுக்கு மீன் 8 செ.மீ. வளர்கிறது, 8-இலிருந்து 9-க்கு 2 செ.மீ. K இரண்டிலும் 0.2தான். மாறாமல் இருப்பது என்னவென்றால், L∞-க்கு மீதமுள்ள இடைவெளியில் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய 18 விழுக்காடு குறைகிறது. மூன்றரை ஆண்டில் இடைவெளி பாதியாகும். K அணுகும் வீதம், "அணுகு வீதம்" என்று சொல்லலாம்.

"அதிகபட்ச நீளம்" அதைவிட ஆபத்து. அது சராசரி மீன் அணுகும் எல்லை. தனி மீன் அதைத் தாண்டலாம், மீனவர் தாண்டிய மீனைக் கொண்டுவந்து காட்டினால் அறிக்கையே பொய்யென்றாகும். இலங்கைப் பாடநூல்களில் அணுகுகோடு என்ற சொல் புழங்குகிறது. அதிலிருந்து "அணுகு நீளம்". தமிழ்நாட்டில் தொலைத்தொடுகோடு என்பார்கள், "தொலைத்தொடு நீளம்" என்று அதை எழுதினால் மீனுக்கு ஒட்டவில்லை.

செல்வராசு:

"வளர்பட்டை" பிடித்திருக்கிறது, கருவளையத்தை விட்டுவிடுகிறேன். "அணுகு வீதம்" மட்டும் ஏற்க முடியவில்லை. சங்கக் கூட்டத்தில் எதை அணுகுவது என்று கேட்பார்கள். வளர்ச்சி என்ற சொல் இல்லாமல் எப்படி?

யோகநாதன், யாழ்ப்பாணம்:

"வளர்ச்சி அணுகு வீதம்" என்றால் நீளமாகிறது. அறிக்கையில் அட்டவணைக்கு K என்றே விட்டு, கூட்டத்துக்கு "இடைவெளி பாதியாக 3.5 ஆண்டு" என்று சொல்லலாமா? அதற்குக் கலைச்சொல்லே வேண்டாம்.

கவிதா:

அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல்: முழுக்கல் வயதை வைத்தே பொருத்திப் பார்த்தேன். t0 −3.1 என்று வருகிறது. சொல்லை மாற்றினாலும் எண் மாறாதே.

```
m <- nls(L ~ Linf*(1-exp(-K*(t-t0))), data=d,
         start=list(Linf=60, K=0.2, t0=-0.5))
```

தமயந்தி:

மாதிரி வலையிலிருந்தும் சந்தையிலிருந்தும் மட்டும் வந்திருந்தால் அப்படித்தான் வரும். கண்ணி பெரிதென்றால் 1, 2 வயதில் வேகமாக வளர்ந்த மீன்கள் மட்டுமே சிக்கும். வளைகோட்டின் தொடக்கம் மேலே தூக்கப்படும், t0 பின்னால் போகும், K தட்டையாகும், அதை ஈடுகட்ட L∞ ஏறும். K-யும் L∞-உம் எதிரெதிராக இழுப்பவை. `summary(m, correlation=TRUE)` பார்த்தால் இரண்டின் ஒட்டுறவு −1-ஐ நெருங்கியிருக்கும். கரைவலையிலும் கூட்டிலும் விழும் சிறு மீன்களைச் சேர்த்து மறுபடி பொருத்துங்கள். t0-வைப் பூஜ்யமாக நிறுத்திவைப்பது சிலர் செய்யும் வழி. குஞ்சுகள் கிடைக்கவே இல்லையென்றால் மட்டும், அப்படிச் செய்ததை எழுதிவிட்டுச் செய்யலாம்.

யோகநாதன், யாழ்ப்பாணம்:

t0-ஐ நிறுத்துவதற்கு நான் உடன்பட மாட்டேன். பொரிக்கும் நீளத்தை வைத்து வளைகோட்டை எழுதினால் கண்ணால் காணக்கூடிய அளவொன்று கையில் இருக்கும். t0-க்கு உயிரியல் பொருளே இல்லை, அதற்குப் பெயர் தேடுவதும் வீண்.

கவிதா:

சீவல் வேலையை முதலில் முடிக்கிறோம். ஓர வரைபடம் வரும் வரை அறிக்கையில் "வளர்பட்டை", "அணுகு நீளம்". K-க்குப் பெயர் இன்னும் திறந்தே இருக்கட்டும், வேறு யோசனை இருந்தால் அனுப்புங்கள். கரைவலைக் குஞ்சுகளுக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று தனி மடலில் எழுதுகிறேன், முத்துக்குமார்.