புதுப்பிப்பு: குன்னூர் தேயிலை ஆலையில் பழைய ஸ்விட்ச் ஏன் ரூட் ஆனது

அன்று கேட்டது: "அலுவலகம், கிடங்கு, இலை வாட்டும் கூடம் மூன்றின் ஸ்விட்சும் வளையமாக இணைந்துள்ளன. அலுவலகம்–கிடங்கு கிகாபிட் கேபிள் சும்மா கிடக்கிறது, எல்லாம் கூடத்தின் 100 எம்பி ஸ்விட்ச் வழியே போகிறது. ஏன்?"

வளையத்தில் ஃபிரேம் சுற்றாதபடி ஒரு வழியை அடைப்பது ஸ்பானிங் ட்ரீ; வழிகளைக் கணக்கிட ஒரு ஸ்விட்சை மையமாக, அதாவது ரூட்டாக, அது தேர்கிறது. மேக் முகவரி சிறியதே ரூட் ஆகும் என்றார் ஒருவர். அது பாதி சரி. முதலில் பார்க்கப்படுவது பிரையாரிட்டி; அதிலும் சிறிய எண்ணே வெல்லும். மூன்றிலும் அது மாற்றப்படாத 32768 என்பதால்தான் மேக் வரை போனது. கூடத்தின் பழைய ஸ்விட்சின் மேக் சிறியதாக இருந்தது.

கூடம் ரூட் ஆனதும் மற்ற இரண்டும் நேரடி வழியையே எடுத்தன. வேகத்தை வைத்துப் போடும் செலவு கிகாபிட் கேபிளுக்கு 4, 100 எம்பிக்கு 19. நேரடி வழி 19, சுற்றுவழி 4+19=23. ஆகவே கிகாபிட் கேபிளின் ஒரு முனை அடைபட்டது.

அலுவலக ஸ்விட்சை ரூட் ஆக்க அதில் இது போதும் (கிடங்கில் 8192, மாற்று ரூட்டாக):

```
configure terminal
spanning-tree vlan 1 priority 4096
end
show spanning-tree vlan 1
```

வெளியீட்டில் `This bridge is the root` வந்தது. இப்போது அடைபட்டிருப்பது கிடங்கை நோக்கிய கூடத்தின் போர்ட். பழைய வகை ஸ்பானிங் ட்ரீ என்றால் மாற்றும்போது சுமார் 30 நொடி துண்டிப்பு வரும்; கொழுந்து எடை போடாத நேரத்தில் செய்யுங்கள்.

ஊட்டியில் காட்டேஜ் நடத்தும் ஒருவர், ஸ்பானிங் ட்ரீயை அணைத்தால் இரண்டு கேபிளும் வேலை செய்யுமே என்றார். அண்ணா, தயவுசெய்து வேண்டாம். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. எல்லாருக்கும் போகும் ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி முடிவின்றிச் சுற்றும், எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிக்கும்.

எடைமேடையின் சாதாரண ஸ்விட்ச், ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்சுகள் பரிமாறும் செய்தியான பிபிடியுவைக் கடத்துகிறதா என்பது இன்னும் தெளிவாகவில்லை. விழுங்கினால், அதற்குள் போடும் லூப் மற்றவற்றுக்குத் தெரியாது.