லாட்ச் கிராபிங்: ‘நண்டுநடை’யா, ‘தொடர்தாழ்’ஆ?

கண்ணன், திருநகர், மதுரை

அனைவருக்கும் வணக்கம்.

மதுரையை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் தரவுத்தளப் பாடம் நடத்துகிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் மாணவர்களுக்காகத் தமிழில் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். பி-மர இன்டெக்ஸ் பகுதியில் ‘லாட்ச் கிராபிங்’ என்னும் முறைக்குப் பொருத்தமான சொல் அமையவில்லை. சொல்லைத் தேடுமுன் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணுவில் நான்கு எண்களே கொள்ளும் சிறிய மரம் என்று வைத்துக்கொள்வோம். வேரில் 30, 60 என்னும் எண்கள் உள்ளன. நடு இலையில் 31, 42, 46, 55 ஆகியவை உள்ளன, அது நிரம்பிவிட்டது. ஒரு த்ரெட் 55ஐத் தேடி வருகிறது. அது வேரைப் படித்து, நடு இலைக்குப் போக வேண்டும் என்று அறிந்து, வேரை விட்டுவிடுகிறது. அது இலையைப் பிடிப்பதற்குள் இன்னொரு த்ரெட் 48ஐச் சேர்க்க வந்து, இடமில்லாததால் இலையைப் பிளக்கிறது. பழைய இலையில் 31, 42 நிற்கின்றன. 46, 48, 55 புதிய இலைக்குப் போய்விடுகின்றன. வேரில் 46 சேர்கிறது. தேடி வந்த த்ரெட்டோ பழைய இலையையே திறந்து பார்த்து, ‘55 இல்லை’ என்று சொல்லிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தவறாக இருக்கும்.

இதைத் தடுக்கும் வழி, குழந்தைக் கணுவைப் பிடித்த பிறகே தாய்க் கணுவை விடுவது:

```
n = root
latch(n, S)
while not is_leaf(n):
    c = child(n, key)
    latch(c, S)
    unlatch(n)
    n = c
```

இதில் `S` என்பது பிறரும் சேர்ந்து படிக்க இடம்விடும் பகிர்வு லாட்ச். `latch(c, S)` என்ற வரிக்குப் பின்னால் `unlatch(n)` நிற்பதுதான் முறையின் உயிர். இந்த இரண்டு வரிகளும் இடம் மாறினால் மேலே சொன்ன தவறு திரும்பி வந்துவிடும். இதற்கு ஒரு சொல் தாருங்கள்.

செந்தில், மேலூர்

கண்ணன் அவர்களுக்கு வணக்கம். ‘நண்டுநடைப் பூட்டு’ என்று நேரடியாகச் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. நண்டு ஒரு காலை ஊன்றிய பிறகே அடுத்த காலை எடுக்கிறது. ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததே.

இது புதிய கருத்தும் அன்று. 1980இல் சில்பர்ஷாட்சும் கெடெமும் வெளியிட்ட மர நெறிமுறையும் இதையேதான் சொல்கிறது: முதல் பூட்டை எங்கு வேண்டுமானாலும் போடலாம்; அதன்பின் ஒரு கணுவைப் பூட்ட வேண்டுமானால் அதன் தாய் உங்கள் கையில் இருக்க வேண்டும்; விட்ட கணுவை மறுபடி பூட்டக் கூடாது. அந்த நெறியைப் பின்பற்றினால் டெட்லாக் வராது, பரிமாற்றங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததற்கு ஈடான விடையைத் தரும். ஆகவே நண்டுநடையைக் கையாளும் இன்டெக்ஸில் பரிமாற்றங்களுக்குத் தனியாகப் பாதுகாப்பு எதுவும் தேவையில்லை. பூட்டு என்ற சொல்லே போதும். லாட்சுக்கு வேறு சொல் தேடுவது வீண் வேலை.

முருகேசன், விளக்குத்தூண், மதுரை

ஐயா, இந்தப் பேச்சு எனக்கு மிகவும் தேவையானதாக இருக்கிறது. விளக்குத்தூண் பக்கத்தில் உள்ள துணிக்கடை ஒன்றுக்கு நான்தான் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடியில் இருப்பது மைஎஸ்கியூஎல். தீபாவளி நெருங்கும்போது எல்லாக் கவுண்டர்களிலும் ஒரே நேரத்தில் பில் போட்டால் இந்தச் செய்தி வருகிறது:

```
ERROR 1213 (40001): Deadlock found when trying to get lock;
try restarting transaction
```

மைஎஸ்கியூஎலில் இந்த நண்டுநடை சரியாக இல்லாததால்தான் இப்படி வருகிறதா? அதைச் சரிசெய்ய ஏதாவது அமைப்பு உண்டா?

மங்கையர்க்கரசி, கே.கே.நகர், மதுரை

வணக்கம். தரவுத்தள எஞ்சினின் உட்பகுதியில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால் இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. முருகேசன் தம்பியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பூட்டும் லாட்சும் ஒன்றல்ல என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

தம்பி, உங்களுக்கு வந்த 1213 வரிசைப் பூட்டுகளால் வருவது. ஒரு கவுண்டரில் முதலில் வேட்டி, பிறகு துண்டு என்ற வரிசையில் இருப்புக் குறைக்கப்படுகிறது. இன்னொரு கவுண்டரில் துண்டு முதலில், வேட்டி பிறகு. ஒவ்வொரு பரிமாற்றமும் மற்றதன் கையில் இருப்பதற்காகக் காத்திருக்கிறது. பூட்டுகளைக் கண்காணிக்கும் பகுதி இந்த வட்டத்தைக் கண்டுபிடித்து, ஒரு பரிமாற்றத்தை ரத்து செய்து, உங்களுக்கு அந்த எண்ணை அனுப்புகிறது. `SHOW ENGINE INNODB STATUS` கொடுத்து, `LATEST DETECTED DEADLOCK` என்ற பகுதியில் எந்த இரண்டு கட்டளைகள் மோதின என்று பாருங்கள். நான் நினைப்பது சரியாக இருந்தால், பில்லில் உள்ள சரக்குகளைக் குறியீட்டு எண்ணின் ஏறுவரிசையில் அடுக்கி, அந்த வரிசையிலேயே இருப்பைக் குறைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மிஞ்சி வருபவற்றுக்குப் பரிமாற்றத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தும்படி எழுதிவிடுங்கள்.

லாட்ச் சிக்கிக்கொண்டால் இப்படி அழகான செய்தி வராது. லாட்சுகள் நினைவகத்தில் உள்ள ஒரு பக்கத்தை மிகச் சிறிது நேரம் காப்பவை. அவற்றுக்கிடையே வட்டம் உண்டானதா என்று யாரும் தேடிக்கொண்டிருப்பதில்லை, தேடுவதற்கு ஆகும் செலவே அவற்றின் பயனைக் கெடுத்துவிடும். வட்டம் உண்டானால் த்ரெட்டுகள் அப்படியே நின்றுவிடும். மைஎஸ்கியூஎலின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் அதே கட்டளையின் `SEMAPHORES` பகுதியில் நெடுநேரக் காத்திருப்புகள் தெரியும்; இயல்பு அமைப்பில் ஒரு காத்திருப்பு 600 வினாடிகளைத் தாண்டினால் சர்வர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆகவே லாட்ச் டெட்லாக்கை நிரல் எழுதுபவர்தான் ஒழுங்கினால் தவிர்க்க வேண்டும். மேலிருந்து கீழாக மட்டுமே பிடிப்பது என்ற இந்த முறை அத்தகைய ஓர் ஒழுங்கு.

செந்தில் சொன்ன மர நெறிமுறையின் விதிகள் சரியானவை, ஆனால் அதிலிருந்து அவர் வந்த முடிவு சரியன்று. அந்த நெறிமுறையில் பூட்டுவது பரிமாற்றம். பல படிகளைக் கொண்ட ஒரு பரிமாற்றம் முழுவதற்கும் விதிகள் பொருந்துகின்றன. லாட்ச் கிராபிங்கில் பிடிப்பதும் விடுவதும் ஒரே ஒரு தேடல் அல்லது ஒரே ஒரு சேர்ப்பு. அது முடிந்ததும் எல்லாம் விடப்படும். ஒரே பரிமாற்றம் 55ஐத் தேடி ‘இல்லை’ என்று அறிந்து, சற்றுப் பொறுத்து மறுபடி தேடினால், இடையில் வேறொருவர் 55ஐச் சேர்த்திருக்கலாம். கிராபிங் அதைத் தடுக்காது. அதைத் தடுக்க எண்களின் மீதும் அவற்றுக்கிடையிலுள்ள இடைவெளிகளின் மீதும் பரிமாற்றம் முடியும்வரை பூட்டு வேண்டும். மரத்தின் உருவம் சிதையாமல் காப்பது லாட்ச், பரிமாற்றத்தின் பார்வை சிதையாமல் காப்பது பூட்டு. சொல்லில் ‘பூட்டு’ வந்தால் மாணவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுவார்கள் என்பதால் நான் அதை எதிர்க்கிறேன்.

கண்ணன் தம்பி, உங்கள் குறிப்பில் தேடுபவரின் வழி மட்டும் இருக்கிறது. சேர்ப்பவரின் வழியையும் எழுதாமல் பாடம் நிறைவடையாது. 48ஐச் சேர்க்க வருபவர் வேரைத் தனியுரிமையோடு, அதாவது வேறு யாரும் அப்போது பிடிக்க முடியாதபடி, பிடித்து, அடுத்து இலையையும் அப்படியே பிடிக்கிறார். இலையில் இடம் இருந்தால் பிளவு மேலே ஏறாது என்பது உறுதியாகிவிடும்; உடனே வேரை விட்டுவிடலாம். இலை நிரம்பியிருந்தால் பிளந்து முடிக்கும்வரை வேரையும் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் வேரைப் பிடித்தபடி இலைக்குக் காத்திருக்கும் தேடுபவர் இருக்கும்வரை அவரால் உள்ளே வர முடியாது. உங்கள் எடுத்துக்காட்டில் 55 தொலையாமல் போவது இதனால்தான்.

ஆனால் சேர்க்க வரும் ஒவ்வொருவரும் வேரைத் தனியுரிமையோடு பிடித்தால் மற்ற எல்லோரும் வேரிலேயே வரிசையில் நிற்பார்கள். அதனால் நடைமுறையில் முதலில் நம்பிக்கையோடு இறங்குகிறோம்: வழியெல்லாம் பகிர்வு லாட்ச், இலையில் மட்டும் தனியுரிமை. இலை நிரம்பியிருப்பது தெரிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேரிலிருந்து மறுபடி, இந்த முறை தனியுரிமையோடு, இறங்குகிறோம். 8 கேபி பக்கத்தில் சிறிய எண்கள் சில நூறு கொள்ளும். பாதி நிரம்பிய இலை மீண்டும் நிரம்புவதற்குள் ஏறத்தாழ இருநூறு சேர்ப்புகள் ஆகிவிடும். எனவே மறுபடி இறங்குவது அரிதாகவே நேரும்.

சோமசுந்தரம், சோழவந்தான்

மங்கையர்க்கரசி அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கணினி நூல்களின் மொழிநடையைத் திருத்திக் கொடுப்பவன். தாங்கள் விளக்கியதிலிருந்து, ‘லாட்ச்’ என்பதற்குத் ‘தாழ்’ என்பதே பொருந்தும் என்று துணிகிறேன். பூட்டுக்குச் சாவியும் உரிமையாளரும் உண்டு. தாழுக்கு இரண்டும் இல்லை, உள்ளே இருப்பவர் சிறிது நேரம் போட்டுக்கொண்டு எடுத்துவிடுகிறார். பகிர்தாழ், தனித்தாழ் என்று இரண்டையும் பிரிக்கவும் அது இடம் தருகிறது.

‘நண்டுநடை’யைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. வைகைக் கால்வாய்ப் பாசனத்தில் வரப்பு நண்டைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு நண்டு என்றால் பக்கவாட்டில் ஓடுவது என்பதுதான் முதலில் தோன்றும். இங்கோ வேரிலிருந்து இலைக்கு இறங்குகிறோம். ‘கைமாற்று’ என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். அது வட்டியில்லாக் கடனைக் குறிப்பதால் கொள்ளத்தக்கதன்று. ‘பற்றுவிடல்’ துறவறத்தை நினைவூட்டும். ‘தொடர்தாழ்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

செந்தில், மேலூர்

பரிமாற்றத்தைப் பற்றி மங்கையர்க்கரசி அம்மா சொன்னதை ஏற்கிறேன். தாழ் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் பக்கவாட்டு நடையை ஒரேயடியாகத் தள்ள முடியாது. 31 முதல் 70 வரை எல்லாவற்றையும் கொண்டுவா என்று கேட்டால், முதல் இலைக்கு இறங்கிய பின் இலையிலிருந்து அடுத்த இலைக்குப் பக்கவாட்டில்தானே போகிறோம்? அங்கே நண்டு பொருந்தத்தானே செய்கிறது?

மங்கையர்க்கரசி, கே.கே.நகர், மதுரை

செந்தில் நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். ஆனால் ஒழுங்கு உடைகிற இடமும் அதுதான். இடமிருந்து வலமாக இலைகளைப் படித்துவருபவர் ஓர் இலையைப் பிடித்தபடி அடுத்ததற்குக் காத்திருக்கிறார். அந்த அடுத்த இலையைப் பிடித்திருப்பவர் அதை இடப்பக்க இலையோடு சேர்க்க எண்ணி இதற்குக் காத்திருக்கிறார். வட்டம் உண்டாகிவிட்டது, கண்டுபிடிக்க ஆளில்லை. ஆகவே பக்கவாட்டில் போகும்போது காத்திருக்கக் கூடாது: கிடைத்தால் பிடிப்பது, கிடைக்காவிட்டால் கையில் உள்ளதையும் விட்டுவிட்டு வேரிலிருந்து தொடங்குவது. எனவே இறங்குவதற்கும் பக்கவாட்டில் போவதற்கும் ஒரே சொல் வைக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை.

‘தொடர்தாழ்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தயக்கம் உண்டு: பல கணுக்களைச் சங்கிலியாக ஒரே நேரத்தில் வைத்திருப்பது போன்ற பொருளும் அதில் தொனிக்கிறது. பிளவு மேலே ஏறக்கூடிய சேர்ப்பில் அது உண்மையே, தேடலில் உண்மையன்று.

குறிப்பில் இன்னொன்றையும் சேருங்கள். குழந்தைப் பக்கம் நினைவகத்தில் இல்லாமல் வட்டிலிருந்து வர வேண்டியிருந்தால், அது வரும்வரை தாய்க் கணுவின் தாழும் போட்டபடியே இருக்கும். இதைத் தவிர்க்கவே 1981இல் லேமனும் யாவோவும் ஒவ்வொரு கணுவிலும் வலப்பக்க இணைப்பையும் அக்கணுவின் உச்ச எண்ணையும் வைத்தார்கள். வேரை விட்டுவிட்டு இலைக்குப் போன த்ரெட், தான் தேடும் 55 அந்த உச்ச எண்ணைத் தாண்டிவிட்டதைக் கண்டு, வலப்பக்கம் நகர்ந்து எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸின் பி-மரம் இந்த வழியில் வந்தது. இறங்கும்போது அது இரண்டு கணுக்களைச் சேர்த்துப் பிடிப்பதில்லை. அங்கே தாழ் வேலையைச் செய்வதற்குப் பெயர் `LWLock`. `Latch` என்ற பெயரோ காத்திருக்கும் புராசஸை எழுப்பும் வேறொரு கருவிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மூலநிரலைத் தமிழில் விளக்குபவர்கள் பெயரைப் பார்த்துத் ‘தாழ்’ என்று எழுதிவிட வேண்டாம்.

கண்ணன், திருநகர், மதுரை

அனைவருக்கும் நன்றி. லாட்சுக்குத் ‘தாழ்’ என்றும், இறங்கும் முறைக்கு இப்போதைக்குத் ‘தொடர்தாழ்’ என்றும் எழுதிக்கொள்கிறேன். சேர்ப்பவரின் வழியையும் சேர்த்து எடுத்துக்காட்டை விரித்து எழுதுவேன். இலைகளுக்கிடையே பக்கவாட்டில் போவதற்கும், முதலில் பகிர்தாழோடு நம்பிக்கையாக இறங்கிப் பார்ப்பதற்கும் சொற்கள் இன்னும் வேண்டும். சோமசுந்தரம் ஐயா அந்த இரண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.