இதயச் செயலிழப்பு: பராமரிப்புத் திட்ட அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் நிற்கிறேன்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன், நர்சிங் இரண்டாம் ஆண்டு. வகுப்புக் குறிப்பை அட்டவணையாக்கி வெள்ளிக்கிழமை தர வேண்டும்.

நோயாளிக்கு வயது 68. படுத்தால் மூச்சு முட்டுகிறது, காலை அழுத்தினால் குழி விழுகிறது. ஒரே வாரத்தில் எடை 61 கிலோவிலிருந்து 64 ஆனது. நோயறிதல் கட்டத்தில் முதலில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதினேன். அது மருத்துவரின் நோயறிதல் என்று ஆசிரியை அடித்துவிட்டார். 'உடலில் நீர் மிகுதி' என்று மாற்றி, காரணத்தையும் அறிகுறிகளையும் சேர்த்தேன். 'வீக்கம் குறையும்' என்ற இலக்கை அளக்க வழியில்லை. அதனால் '48 மணி நேரத்தில் எடை 2 கிலோ குறையும்' என்றாக்கினேன்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பார்த்தோம். குடித்த நீரையும் வெளியேறிய சிறுநீரையும் குறித்தோம். மருத்துவர் எழுதிய நீர்ப்போக்கி மாத்திரையும் கொடுத்தோம். ஆனால் எடை 62.8 வரைதான் இறங்கியது. 'இலக்கு ஓரளவு எட்டப்பட்டது' என்று எழுதிவிட்டேன். பிறகுதான் வீட்டிலிருந்து கஞ்சியோடு ஊறுகாயும் வருவது தெரிந்தது. அதன் உப்பை நான் கேட்கவே இல்லை.

சீனியர் அக்கா இலக்கின் 48 மணி நேரக் கெடுவை மட்டும் நீட்டச் சொல்கிறார், தோழி மறுக்கிறாள். அதே வரிசையில் கெடுவை நீட்டுவதா, ஊறுகாயைத் தகவல் கட்டத்தில் சேர்த்துப் பராமரிப்புச் செயல்களைத் திருத்தி எழுதுவதா, எது சரி?