மறு: 1998 குழுப்படம் – ஒருவரை நீக்கக் கேட்டதற்குச் செயலாளர் பதில்

செயலாளர், டர்பன்:

அன்புள்ள சண்முகம் அண்ணனுக்கு, வணக்கம்.

ஊர் நூலகச் சுவரில் மாட்ட நம் சங்கத்தின் 1998 குழுப்படத்தைப் புதிதாக அச்சிடுகிறோம் என்றதும், முன்னாள் பொருளாளரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். செயற்குழுவில் வைத்துப் பேசினோம். எடுக்க வேண்டாம் என்பதுதான் முடிவு. உங்கள் மனக்கசப்பை யாரும் லேசாக நினைக்கவில்லை. அதனால்தான் காரணங்களை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பாருங்கள். அவர் நடு வரிசையில் இடமிருந்து நாலாவது ஆள். வலக்கை முன்னால் நாற்காலியில் இருக்கும் உங்கள் தாய்மாமா தோளில் இருக்கிறது. உங்கள் வலது கை முழங்கைக்குக் கீழே அவருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அவர் தலை பேனரில் இரண்டு எழுத்தை மறைக்கிறது. அவரை எடுத்தால் அந்த இடத்தில் நிரப்ப நம்மிடம் எதுவும் கிடையாது. மாமாவின் சட்டைத் தோள், உங்கள் முன்கை, பேனர் எழுத்து, சுவரில் விழுந்த பிளாஷ் நிழல் எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். வரைந்தது உங்கள் கையாக இருக்காது. அப்படியும் மூன்றாவது ஆளுக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலம் காலியாக நிற்கும். இடைவெளியை மூட உங்கள் பக்கத்தில் நிற்பவர்களை இடப்பக்கம் தள்ளினால் முன்வரிசை நாற்காலிகளோடு யாரும் பொருந்த மாட்டார்கள். ஓரத்தை வெட்டலாம் என்றால் அவரோடு சேர்ந்து இடப்பக்கத்து மூன்று பேரும் போவார்கள். அந்த மூவரில் இருவர் இன்று உயிரோடு இல்லை.

இன்னொன்று, இதே படம் அந்த ஆண்டு மலரிலும் வந்தது, பல வீடுகளில் பிரேம் போட்டும் மாட்டியிருக்கிறார்கள். நூலகத்தில் மட்டும் ஆள் குறைந்தால், ஊருக்குப் போகிறவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஸ்டாலினோடு மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் நின்ற, ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த யெசோவை 1940இல் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் படத்திலிருந்து அவரை எடுத்துவிட்டு அங்கே தண்ணீரை வரைந்தார்கள். இன்று இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் காட்டுகிறார்கள். பார்க்கிறவர் கண் முதலில் போவது அவர் நின்ற இடத்துக்குத்தான்.

அவர் அன்று பொருளாளராக இருந்தார், அன்று அங்கே நின்றார். படம் சொல்வது அவ்வளவுதான். பின்னால் நடந்தது கணக்கிலும் கூட்டக் குறிப்பிலும் இருக்கிறது. அவற்றை யாரும் அழிக்கப் போவதில்லை.

படத்துக்குக் கீழே வரிசை வாரியாக, இடமிருந்து வலமாகப் பெயரும் 1998இல் வகித்த பொறுப்பும் மட்டும் போடுவோம். அவர் பெயருக்குப் பக்கத்தில் பாராட்டும் வராது, குறையும் வராது. இப்போதைய செயற்குழுப் படத்தையும் அதே அளவில் பக்கத்தில் மாட்டுகிறோம். உங்கள் வீட்டுப் பிரதியை உங்கள் விருப்பம்போல் வெட்டிக்கொள்ளலாம். அதில் சங்கத்தின் பெயர் மட்டும் இருக்க வேண்டாம்.

அன்புடன், செயலாளர்

கோமதி, போர்ட் லூயி:

வணக்கம். பிரேமுடன் 4,800 ரேண்ட் என்று வசூல் கடிதத்தில் இருக்கிறது. ஸ்கேனுக்கு எவ்வளவு, அச்சுக்கு எவ்வளவு, பிரேமுக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். இருப்பது ஒரே ஒரு பழைய பிரதிதானே, அதை எதற்கு இரண்டு முறை ஸ்கேன் செய்ய வேண்டும்? கோயில் மண்டப நிதியில் மீதம் என்ன ஆயிற்று என்று 2006இலிருந்து கேட்கிறேன். இவரை எடுப்பதா வேண்டாமா என்பதைவிட அந்தக் கேள்விக்குப் பதில் முக்கியம். பணத்தைக் கையில் வைத்திருந்தவர் படத்தில் இருப்பதுதான் நல்லது. அன்று யார் பொறுப்பு என்று யாரும் கேட்டால் காட்டலாம்.

ரவி, பிரிட்டோரியா:

செயலாளருக்கு: இங்கே தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் போப்பியா சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் யார் படத்தையும் போட முடியாது. எல்லோரிடமும் எழுதி வாங்காவிட்டால் அவர் முகத்தை மட்டுமாவது மங்கலாக்க வேண்டும். சங்கத்துக்கு அபராதம் வந்தால் யார் கட்டுவது?

இராமநாதன் பெரியப்பா, லெனேசியா:

தம்பி ரவி, பாதி சரி. 2021 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தைப் பின்பற்றியே ஆக வேண்டும், சங்கமும் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் அனுமதி என்பது அதில் பல வழிகளில் ஒன்றுதான். திருத்து, நீக்கு என்று கேட்கும் உரிமை சம்பந்தப்பட்டவருக்கே உண்டு. படத்தில் இருப்பவர் கேட்கவில்லை, பக்கத்தில் நிற்பவர் கேட்கிறார். அவரே கேட்டு எழுதினால் செயற்குழு மறுபடி கூடிப் பேச வேண்டியிருக்கும். ஒரே ஒரு முகத்தை மட்டும் மங்கலாக்கினால் குற்றவாளியைக் காட்டுவது போலாகும், அதைச் செய்யாதீர்கள்.

படம் யாருடையது என்பதும் பேச வேண்டியது. இந்த நாட்டு 1978 காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே புகைப்பட உரிமை. சங்கம் காசு கொடுத்தது. அப்படியிருந்தும், தன் பெயரைக் கெடுக்கும்படி படத்தைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை புகைப்படக்காரருக்கு உண்டு.

கோமதி, ஸ்கேன் விவரம் நான் சொல்கிறேன். நெகட்டிவ் கிடையாது. இருப்பது 10க்கு 12 அங்குல அச்சு. டர்பன் ஈரக்காற்றில் அதன் மேற்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிய்த்தால் முகங்கள் கண்ணாடியோடு வரும். அதனால் கண்ணாடியோடு சேர்த்துத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஏ4 ஸ்கேனரில் இந்த அளவு அடங்காது, ஏ3 வேண்டும். மெல்லிய மலிவு ஸ்கேனர் வேண்டாம். கண்ணாடிக் கனத்துக்கு அப்பால் இருப்பது அதில் மங்கும். சிசிடி வகைதான் சரி. கண்ணாடியில் எதிரொளிப்பு விழுந்த இடம் முதல் ஸ்கேனில் வெளிறிவிடும். படத்தைத் திருப்பி வைத்து இரண்டாவது எடுத்தால் வெளிறல் வேறு இடத்துக்கு நகரும். இரண்டிலும் நல்ல பகுதியை எடுத்துக்கொள்ளலாம். செலவு இரண்டு முறை வருவது அதற்காகத்தான்.

அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுத்தால் 6000க்கு 7200 புள்ளி கிடைக்கும். 20க்கு 24 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 வரும், சுவருக்கு அது தாராளம். மூலக் கோப்பை டிஃப் வடிவில் கைபடாமல் வையுங்கள். கீறல், தூசு நீக்குவதெல்லாம் பிரதியில்தான்.

செல்வி, உம்லாங்கா:

எல்லோருக்கும் வணக்கம். ஆட்களை மாற்றிப் போடலாம் என்றால், எங்கள் அப்பாவையும் நடு வரிசையில் சேர்க்க முடியுமா? அன்று இருநூறு பேருக்குச் சமையலைக் கவனித்தது அவர்தான். படம் எடுக்கக் கூப்பிட்டபோது சாம்பார் இறக்காமல் வர முடியவில்லை. அவருடைய பாஸ்போர்ட் படம் அனுப்புகிறேன்.

செயலாளர், டர்பன்:

செல்வி, உன் அப்பா சமையல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் எடுக்கவும் மாட்டோம், சேர்க்கவும் மாட்டோம். பாஸ்போர்ட் படத்துக்கு வெளிச்சம் நேரே முன்னாலிருந்து வரும், இந்தப் படத்தில் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. ஒட்டினால் பார்த்தவுடனே தெரியும். பெயர் வரிசை முடிந்ததும் ‘படத்தில் இல்லாதவர்கள்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். அதில் முதல் பெயர் அவருடையது, ‘உணவுப் பொறுப்பு’ என்று. வேறு யார் விட்டுப்போனார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பின்வரிசையில் வலமிருந்து இரண்டாவதாக நிற்கும் இளைஞர் யார் என்று இன்னும் தெரியவில்லை. ஊகித்துப் பெயர் போட மாட்டேன்.

கோமதி அக்கா, செலவைப் பிரித்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன். மண்டப நிதிக் கணக்கு என் கையில் இல்லை. பழைய தணிக்கையாளரிடம் கேட்டிருக்கிறேன்.

சண்முகம், ஜோகன்னஸ்பர்க்:

செயலாளர் தம்பிக்கு. மரியாதையாக எழுதியதற்கு நன்றி. முடிவு எனக்கு ஏற்பில்லை. மண்டபக் கணக்குக் கேட்ட கூட்டத்தில் அந்த ஆள் என்னை என்ன சொன்னார் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நூலகத் திறப்புக்கு நான் வர மாட்டேன், என் பங்குப் பணம் வரும்.

மாமா தோளில் அவர் கை இருப்பதை நேற்றுத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமா பெயருக்கு முன்னால் ‘தலைமையாசிரியர்’ என்று போடுங்கள். போன மலரில் அதை விட்டுவிட்டார்கள். பின்வரிசை இளைஞர் கீழத்தெரு தபால்காரர் மகன் என்று நினைக்கிறேன். அவன் அக்கா சாட்ஸ்வர்த்தில் இருக்கிறாள், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.